மனப்பாடம் வேண்டாம், அம்புக்குறி வேண்டும்

கர்நாடகத்தில் பி.யூ.சி. படிக்கும் நம் பிள்ளைகள் கரிம வேதியியலின் வினைகளை ஒவ்வொன்றாக நெட்டுருப் போடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று பார்க்கப் பழக்கினால் இந்தச் சுமை பெரிதும் குறையும்.

புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேருவதை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் மிகுந்த கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும் என்பது மார்க்கோவ்னிக்கோவ் விதி. பெராக்சைடு இருந்தால் தலைகீழ் என்பது இன்னொரு விதி. மாணவர் இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்.

உண்மையில் காரணம் ஒன்றே. முதல் வினையில் இரட்டைப் பிணைப்பின் எலெக்ட்ரான் இணை ஹைட்ரஜனைப் பற்றுகிறது. ஹைட்ரஜன் ஓரக் கார்பனில் சேர, நடுக் கார்பனில் நேர்மின்சுமை நிற்கிறது. இருபுறமும் உள்ள மெதில் தொகுதிகள் எலெக்ட்ரான் தந்து அதைத் தாங்குகின்றன. புரோமைடு அங்கே வந்து சேர்கிறது. பெராக்சைடு இருந்தாலோ, புரோமின் அணு முந்திக்கொண்டு ஓரக் கார்பனில் சேர்கிறது. இணையற்ற எலெக்ட்ரான் அதே நடுக் கார்பனில் தங்க, ஹைட்ரஜன் பிறகு வருகிறது. முந்துவது எது என்பதே வேறுபாடு. ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு வலுவானது. ஆகவே அங்கே பெராக்சைடு பலிப்பதில்லை.

அம்புக்குறி எலெக்ட்ரான் உள்ள இடத்தில் தொடங்க வேண்டும். ஹைட்ரஜனிலிருந்து அம்பு போடும் மாணவருக்கு வினை புரியவில்லை என்று பொருள். விடைத்தாளில் விளைபொருளின் பெயரோடு அம்பையும் கேட்டு மதிப்பெண் தருவதே முறை.