ஹிராவை உடைக்கச் சொல்லிக் கத்தலாமா?



எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. கொடி தைத்தாகிவிட்டது, இல்ல அலங்காரத்துக்குக் கம்பு வெட்டவும் ஆள் போய்விட்டது. ஆனால் மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து என்ன கத்தப்போகிறோம் என்பதை மட்டும் ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் காலையில் விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் ஆசிரியர்கள் நாங்கள் சிலர் பேசிக்கொண்டோம். பேசியதை இங்கே எழுதுகிறோம். வாசித்துவிட்டுத் திட்டுவதானாலும் திட்டுங்கள்.

போன முறை 1500 மீற்றர் ஓட்டம் நினைவிருக்கும். கடைசியாக வந்த தம்பிக்கு இன்னும் ஒரு சுற்று மிச்சம் இருந்தது. மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் ஒரு கூடாரத்திலிருந்து "ஆமை! ஆமை!" என்று கைதட்டோடு சத்தம் கிளம்பியது. எதிர் இல்லம் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்தியது அந்தப் பிள்ளையின் சொந்த இல்லம். அவன் ஓடி முடித்தான், ஆனால் அடுத்த மூன்று நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. அன்றைக்கு அந்தக் கூடாரத்துக்குப் பொறுப்பாக நின்றது எங்களில் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. "ஆமை" என்பது இரண்டெழுத்து, நெடிலில் தொடங்கும், தட்டோடு ஒட்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே முந்நூறு பேர் வாயில் ஏறிவிட்டது. நாங்கள் எழுதிக்கொடுத்த கோஷம் ஏறவில்லை. "வெற்றி வாகை சூடிடவே வீறுகொண்டு எழுந்திடுவோம்" என்று எட்டு வரி எழுதி, போட்டோ கொப்பி எடுத்து, வகுப்பு வகுப்பாகப் பங்கிட்டிருந்தோம். இரண்டாவது வரிக்கு வரும்போது தாள் வைத்திருந்தவர்கள் மட்டும்தான் கத்தினார்கள். தரம் 2 பிள்ளை அந்தத் தாளில் கப்பல் செய்துவிட்டது. நல்ல கோஷம் கையில் இல்லாத கூட்டம் சும்மா இருக்காது, கைக்குக் கிடைத்ததைக் கத்தும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

அதனால் இம்முறை கோஷத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். சத்தம் கொடுப்பவருக்கு ஒரு பங்கு, கூட்டத்துக்கு ஒரு பங்கு. நமது ஊரில் இது புதிதில்லை. பொல்லடியில் அண்ணாவியார் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும் இப்படித்தான். கூட்டத்தின் பங்கு ஒரே ஒரு சொல், அதுவும் இல்லத்தின் பெயர். மாறுவதெல்லாம் சத்தம் கொடுப்பவரின் பக்கத்தில்தான்.

"எந்த இல்லம்?"
"ஹிரா!"
"யாரு கொடி?"
"ஹிரா!"
"வெண்டாலும்?"
"ஹிரா!"
"தோத்தாலும்?"
"ஹிரா!"

இதில் கூட்டம் படிக்க வேண்டியது எதுவுமே இல்லை. முதல் கேள்விக்கு முன்வரிசை பதில் சொல்லும். மூன்றாவது கேள்விக்கு மதிலில் சாய்ந்து நிற்கும் மாமாவும் சொல்வார். "வென்றாலும், தோற்றாலும்" என்றுதான் எழுதவேண்டும் என்று எங்கள் தமிழ் டீச்சர் முதலில் பிடிவாதமாக நின்றார். அவரே ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார். மைதானத்துக்கு வாயில் வருகிற பேச்சுதான் சரி. அந்த நான்காவது கேள்விக்காகவே இந்தக் கோஷத்தை எடுத்தோம். கடைசியாக ஓடிவரும் பிள்ளைக்கும் அதே கோஷத்தைக் கத்தலாம், ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை.

சொல்லின் முடிவைக் கவனியுங்கள். ஹிரா, அரபா, மர்வா என்று நமது மூன்று இல்லங்களின் பெயரும் "ஆ"வில் முடிகின்றன. வாய் முழுதாகத் திறக்கும், எவ்வளவு நேரமும் இழுக்கலாம், தூரத்துக்கும் போகும். "ஓடு", "எழுந்து", "வென்று" போன்ற சொற்களின் கடைசி "உ" பாதிதான் வாயை விட்டு வரும். இலக்கணத்தில் குற்றியலுகரம் என்று படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சொல்லில் கோஷம் முடிந்தால் முந்நூறு பேர் கத்தினாலும் கடைசி அசை கரைந்துவிடும். இடையில் வரலாம், கடைசியில் வேண்டாம்.

அடுத்தது வேகம். பப்பரே வாத்தியத்தைப் பார்த்துப் பழகிய நமது பையன்கள் எல்லாவற்றையும் வேகமாகத்தான் தட்டுவார்கள். ஒரு கூடாரத்துக்குள் அது சரிவரும். ஆனால் ஹிராக்காரர்கள் கூடாரத்திலும் இருப்பார்கள், எதிர்ப்பக்க மதிலிலும் நிற்பார்கள். நடுவே நூறு மீற்றர் இருக்கும். சத்தம் ஒரு செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும். ஆகவே கூடாரத்தில் தட்டியது மதிலுக்குப் போய்ச் சேர செக்கனில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு எடுக்கும். செக்கனுக்கு நாலு தட்டு தட்டினால், மதிலில் நிற்பவர் காதால் கேட்டுத் தட்டும்போது இங்கே அடுத்த தட்டும் முடிந்திருக்கும். அப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று குழப்பி இரைச்சல்தான் மிஞ்சும். போன வருடம் எந்த இல்லம் என்ன கத்தியது என்று யாருக்கும் விளங்காமல் போனது இதனால்தான்.

செக்கனுக்கு ஒரு தட்டு போதும். அதையும் காதை நம்பித் தட்டாமல் கண்ணை நம்பித் தட்ட வேண்டும். சத்தம் கொடுப்பவர் கையில் இல்லக் கொடி இருக்கட்டும். கேள்வி கேட்கும்போது கொடி மேலே போகும், கூட்டம் பதில் சொல்லும்போது கீழே வரும். எதிர்ப்பக்க மதிலில் நிற்பவருக்கும் கொடி அதே நேரத்தில் தெரியும். இந்த வேலைக்குக் குரல் பெரிய பையனைத் தெரிய வேண்டாம். தாளம் தப்பாத பிள்ளையைத் தெரியுங்கள். இல்லத்துக்கு மூன்று பேர் வேண்டும், ஒரே ஆள் கத்தினால் லுஹருக்கு முன் தொண்டை போய்விடும்.

எல்லா நேரமும் கத்தவும் கூடாது. குறுந்தூர ஓட்டத்தில் பிள்ளைகள் கோட்டில் குனிந்ததும் மைதானம் முழுவதும் அடங்க வேண்டும். ஆரம்பிப்பவரின் சத்தம் கேட்காமல் ஒரு பிள்ளை பிந்தினால் அது அந்தப் பிள்ளையின் தவறில்லை. அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் கூட்டம் நிற்கவே வேண்டாம். முன்னால் ஓடப்போகிறவர் திரும்பிப் பார்க்காமல், பின்னால் வருபவரின் குரலைக் கேட்டுத்தான் கையை நீட்டுவார். அந்தக் குரலை நாம் அமுக்கிவிட்டால் கோல் நிலத்தில் விழும்.

கூட்டத்தின் சத்தம் போட்டியை மாற்றுகிற ஒரே இடம் கயிறிழுத்தல். போன முறை மர்வாவிடம் நல்ல பலமான எட்டுப் பேர் இருந்தார்கள். கூடாரம் முழுவதும் "இழு இழு இழு" என்று மூச்சு விடாமல் கத்தியது. எட்டுப் பேரும் எட்டு நேரத்தில் இழுத்தார்கள். நடுவில் கட்டிய சிவப்புத் துணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. துணி நடுங்கினால் அணி சேர்ந்து இழுக்கவில்லை என்று அர்த்தம். சேர்ந்து இழுத்தால் அது படிபடியாக நகரும். எதிரே அரபாவின் பக்கம் கரைவலைக்குப் போகிற ஒரு காக்கா நின்றார். ஆறுதலாக, ஒரு இழுப்புக்கு ஒரு சத்தம் கொடுத்தார். வலையில் அம்பா பாடி இழுப்பவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? மெலிந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரபா இரண்டு இழுப்பிலும் வென்றது.

இம்முறை மர்வாவுக்கு அந்தக் காக்காவிடம் கேட்டே அமைத்திருக்கிறோம். சத்தம் கொடுப்பவர் "ஏலே...லோ" என்று இழுக்கும்போது அணி மூச்சை எடுத்துக் காலை ஊன்றும், இழுக்காது, பிடித்து நிற்கும். கூட்டம் "மர்...வா!" என்னும்போது "வா"வில் எட்டுப் பேரும் ஒன்றாகச் சாய வேண்டும். கயிற்றை "வா" என்று கூப்பிடுவதும் அதில் வந்துவிடுகிறது. போன செவ்வாய் பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். முதல் மூன்று முறை பிள்ளைகள் "மர்"ரிலேயே இழுத்துவிட்டார்கள். நாலாவது முறை துணி ஒரு முழம் நகர்ந்தது.

கடைசியாகத் தலைப்பில் கேட்டதற்கு வருகிறோம். "ஹிராவை உடை", "மர்வாவை மிதி" என்று போன வருடம் பதாகையிலும் இருந்தது, வாயிலும் இருந்தது. பிள்ளைகள் அதைப் பச்சை இல்லம், சிவப்பு இல்லம் என்றுதான் நினைத்துக் கத்துகிறார்கள். ஆனால் வஹீ இறங்கிய குகையின் பெயரையும், ஹாஜரா நாயகி தண்ணீர் தேடி ஓடிய மலையின் பெயரையும் நாம்தான் இல்லங்களுக்கு வைத்தோம். வைத்துவிட்டு உடை, மிதி என்று கத்த விடுவது எந்த வகையில் சரி? பெயரை மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தேவையில்லை. கூட்டம் தன் இல்லத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும், எதிர் இல்லத்தின் பெயரே கோஷத்தில் வராது. எதிர் இல்லத்துக்கு எதிராகத் தக்பீர் முழங்குவதையும் விட்டுவிடுவோம். அந்தக் கூடாரத்திலும் அதே தக்பீர்தான். சேர்விலக்க வரிசையில் இல்லம் பிரிப்பதால் ஒரே வீட்டில் ராத்தா அரபாவிலும் தம்பி ஹிராவிலும் இருக்கிறார்கள். உம்மா எந்தக் கூடாரத்தில் இருந்து எதை உடைக்கச் சொல்வார்?

பெண்பிள்ளைகள் சத்தம் போடுவதா என்று ஒரு வாப்பா கேட்டார். பதில் சொல்லும் இடத்தில் இரண்டு கைதட்டு வைத்தாலும் கோஷம் குறையாது. விரும்பிய பிள்ளை சொல்லட்டும், மற்றப் பிள்ளை தட்டட்டும்.

ஹிராவுக்கும் மர்வாவுக்கும் முடிவாகிவிட்டது. அரபாவுக்கு இன்னும் சரியாக அமையவில்லை. அ-ர-பா என்று மூன்று அசையாக வருவதால் ஹிராவின் தாளத்தில் போட்டால் முதல் எழுத்து விழுங்கப்பட்டு "ரபா" என்றுதான் கேட்கிறது. யாரிடமாவது யோசனை இருந்தால் எழுதி வியாழக்கிழமைக்கு முன் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். கூட்டத்தின் பங்கு ஒரு சொல்லுக்கு மேல் வேண்டாம். அனுப்புவதற்கு முன் முற்றத்தில் நின்று ஒருமுறை கத்திப் பாருங்கள், அடுத்த வீட்டுக்காரருக்கு விளங்கினால் அனுப்புங்கள்.