ஐந்திலும் ‘பி’ வாங்கினாள், ஆயினும் வெளியே!



ஏறி வருகிறவளை இறக்கிவிட்டு, இறங்கி வருகிறவனை இருக்கையில் அமர்த்தும் ஒரு விதி இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்க நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலே அப்படி ஒரு விதி உண்டு. வஞ்சகர் எவரும் கூடி வகுத்ததன்று அது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்த நல்லவர்கள், நல்லெண்ணத்தோடுதான் வகுத்தார்கள். அதனாலேயே அதை உற்று நோக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டு மாணவன் ஒரு பாடத்தில் தவறினால் அது ‘அரியர்’ என்று நிற்கும். மீண்டும் எழுதித் தேறினால் தீர்ந்தது. அங்கே நிலைமை வேறு. பாடங்களுக்கு மட்டுமல்ல, அவற்றின் சராசரிக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. ‘ஏ’ வாங்கினால் 4 புள்ளி, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2, ‘டி’க்கு 1, தவறி ‘எஃப்’ வாங்கினால் சுழி. ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கிரெடிட்’ என்றொரு எடை, பெரும்பாலும் 3. புள்ளியை எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வருவது ‘ஜி.பி.ஏ.’ என்னும் சராசரி. அது 2.00க்குக் கீழே போனால் ‘புரொபேஷன்’, அதாவது தகுதிகாண் நிலை. அடுத்த செமஸ்டரிலும் மீளாவிட்டால், ‘சென்று வா’ என்று அனுப்பிவிடுவார்கள். மாறாக, ஒரு செமஸ்டரில் 3.50ஐ எட்டினால் ‘டீன்ஸ் லிஸ்ட்’ எனும் சிறப்புப் பட்டியலிலே பெயர் ஏறும். கல்லூரிக்குக் கல்லூரி எண்கள் சற்று மாறும். பரவலாக வழங்குபவை இவையே.

சரி, இதிலே என்ன குற்றம் என்கிறீர்களா? எந்தச் சராசரி என்று கேளுங்கள். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. அந்த செமஸ்டரின் சராசரியா? சேர்ந்த நாள்முதல் திரண்ட மொத்தச் சராசரியா?

கணக்குக்காக ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதற்பெண் அவள்தான். பகலிலே படிப்பு, இரவிலே கடையில் வேலை. முதல் செமஸ்டரில் ஐந்து பாடம், 15 கிரெடிட். வீட்டிலே நோய், உறக்கம் இல்லை. ஒரு ‘சி’, இரண்டு ‘டி’, இரண்டு ‘எஃப்’. மொத்தம் 12 புள்ளி. 15ஆல் வகுத்தால் 0.80. தகுதிகாண் கடிதம் வருகிறது. அவள் அழுது ஓய்ந்துவிடவில்லை. வேலை நேரத்தைக் குறைத்தாள், நூலகமே கதியென்று கிடந்தாள். இரண்டாம் செமஸ்டரிலே ஐந்து பாடங்களிலும் ‘பி’! அதாவது 45 புள்ளி, சராசரி 3.00.

பாராட்டுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? மொத்தச் சராசரியைப் பாருங்கள்: 12ம் 45ம் 57, அதை 30ஆல் வகுத்தால் 1.90. இரண்டுக்குக் கீழே! தொடர்ந்து இரண்டு முறை! விதியை எழுத்துக்கு எழுத்து நடத்தினால் அவள் வெளியே.

இனி இன்னொருவன். முதல் செமஸ்டரில் 3.00 வாங்கினான், அடுத்ததில் ஆட்டத்திலும் கேளிக்கையிலும் மூழ்கி 1.20க்குச் சரிந்தான். மொத்தம் 63 புள்ளி, சராசரி 2.10. அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை! ‘நல்ல நிலையில் இருக்கிறான்’ என்று ஏடு சொல்லும்.

இந்த அவலத்தைத் தவிர்க்க வழி இல்லாமலில்லை. விவரமுள்ள கல்லூரிகள் ஒரு வரி சேர்த்திருக்கின்றன. தகுதிகாண் செமஸ்டரிலே அந்தப் பருவத்தின் சராசரி மட்டும் 2.00க்குக் குறையாதிருந்தால், மொத்தச் சராசரி மீளாவிட்டாலும் வெளியேற்றுவதில்லை. தகுதிகாண் நிலை நீடிக்கும், அவ்வளவே. அந்த ஒற்றை வரி இருக்கும் இடத்தில் நம் மாணவி பிழைத்தாள். இல்லாத இடத்தில் அவள் கதி அதிகாரியின் இரக்கம்.

சிறப்புப் பட்டியலுக்கு வருவோம். தண்டிக்கும்போது பழைய கணக்கையெல்லாம் புரட்டுகிறவர்கள், பாராட்டும்போது பெரும்பாலும் ஒரே செமஸ்டரைத்தான் பார்க்கிறார்கள். அது தாராளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாராளத்துக்கும் ஒரு தாழ்ப்பாள் உண்டு: எழுத்துத் தரம் பெற்ற 12 கிரெடிட்டாவது அந்தப் பருவத்தில் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. நான்கு பாடம் படித்து இரண்டு ‘ஏ’, இரண்டு ‘பி’ வாங்கியவன் சரியாக 3.50, பட்டியலில் ஏறுவான். பிழைப்புக்காக வேலை பார்த்துக்கொண்டு மூன்றே பாடம் படித்து, மூன்றிலும் ‘ஏ’ வாங்கியவன் 4.00, பட்டியலில் இடமில்லை. ஒன்பதுதானே கிரெடிட்! உழைத்துப் படிப்பவனுக்கு வேறு பட்டியல் வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு என்பதை நேர்மையோடு சொல்லிவிடுகிறேன்.

கோடு கிழிப்பதே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கோட்டின் விளைவை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். லிண்டோ, சாண்டர்ஸ், ஓரியோபௌலோஸ் எனும் மூன்று பொருளியலாளர்கள், கனடாவின் பெரிய பல்கலைக் கழகம் ஒன்றின் ஏடுகளைக் கொண்டு 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாண்டு முடிவில் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்று தகுதிகாண் நிலைக்கு ஆளானவர்களையும், சற்று மேலே நின்று தப்பியவர்களையும் ஒப்பிட்டார்கள். மயிரிழை வேறுபாடுதான் இருவருக்கும். கடிதம் பெற்றவர்களில் திரும்பி வந்தவர்களின் சராசரி உயர்ந்தது. ஆனால் சிலர் திரும்பியே வரவில்லை! பட்டம் பெறுவோர் தொகையும் குறைந்தது. அதுவும், பள்ளியிலே மிக நன்றாகப் படித்து வந்தவர்களிடையே அந்தக் குறைவு மிகுதி. ஒரே கடிதம் ஒருவனைத் தட்டி எழுப்புகிறது, மற்றொருவனைத் தள்ளி விடுகிறது.

கல்லூரி விதியோடு தொல்லை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. ‘பெல் கிராண்ட்’ போன்ற கூட்டாட்சி அரசின் உதவித் தொகைக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. எடுத்த கிரெடிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் ‘சி’ சராசரியோ அதற்கு ஈடான நிலையோ எட்டியிருக்க வேண்டும். தவறினால், செமஸ்டர்தோறும் சோதிக்கும் கல்லூரிகளில் ஒருமுறை எச்சரிக்கை, உதவித் தொகை தொடரும். மறுமுறையும் தவறினால் நின்றுவிடும். நோய், உறவினர் மரணம் போன்ற காரணம் காட்டி, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் விளக்கி, முறையீடு எழுத வேண்டும். கல்லூரியின் தகுதிகாண் விதி வேறு, இது வேறு. ஒன்றிலே தப்பியவர் மற்றொன்றிலே மாட்டிக்கொள்வதுண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு முதற்கடிதம் ஒரு தலைகுனிவு. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது கடிதம்தான் படிப்பின் முற்றுப்புள்ளி.

நம் மாணவியை 1.90இல் விட்டு வந்தோமே, அவளிடம் திரும்புவோம். தவறிய பாடத்தையே மீண்டும் எடுத்துப் படித்தால், பழைய ‘எஃப்’ஐச் சராசரிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் புதிய தரத்தை மட்டும் சேர்க்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. இரண்டாம் செமஸ்டரின் ஐந்து பாடங்களில், முன்பு தவறிய அந்த இரண்டையும் அவள் சேர்த்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே உழைப்பு, அதே ஐந்து ‘பி’, அதே 57 புள்ளி. பழைய இரண்டு ‘எஃப்’இன் 6 கிரெடிட்டும் மறைந்துவிடுவதால், வகுக்கும் எண் 30 அன்று, 24. சராசரி 2.375! தகுதிகாண் நிலையே தீர்ந்தது.

படித்த பெற்றோரின் பிள்ளைக்கு இதைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அஞ்சலில் வந்த கடிதத்தில் 2.00 என்ற எல்லையும், வெளியேற்றம் என்ற எச்சரிக்கையும், அவள் பெயரும் இருந்தன. எந்தப் பாடத்தை மீண்டும் எடுக்கலாம் என்ற வரி இல்லை.