மொழிபெயர்ப்புக்கு ஒரு பஞ்சாங்கம்

ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர உத்தேசித்திருக்கும் வாசகர் ஒருவர், தினம் காலையில் இரண்டு மணி நேரம் தமக்கு ஒழிவு உண்டென்றும், ஒரு வருஷத்தில் வேலை முடிந்துவிடுமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி சுருக்கமானது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. 'வேலை' என்பது எழுதுவதை மட்டுந்தானா குறிக்கிறது? எழுதியதை ஆறப்போடுவது, திருத்துவது, அச்சுப்பிழை பார்ப்பது ஆகியவற்றை அவர் எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்பது கடிதத்தில் தெரியவில்லை. ஆகவே ஒரு நூலை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

ஜேன் ஆஸ்டென் என்ற ஆங்கில நாவலாசிரியை எழுதி 1813-இல் வெளியான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பலருக்கும் தெரிந்த நாவல். அதில் 61 அத்தியாயங்கள். ஏறக்குறைய 1,22,000 ஆங்கிலச் சொற்கள். சராசரியாக அத்தியாயத்துக்கு 2,000 சொல் வருகிறது. கணக்கை எப்பொழுதும் மூலத்தின் சொற்களைக் கொண்டே போட வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகப் பிரிந்து நிற்பது தமிழில் ஒரே சொல்லாகச் சேர்ந்துவிடுமாதலால், தமிழ்ச் சொல்லை எண்ணினால் வேகம் குறைந்ததாகத் தோன்றி வீண் கவலை உண்டாகும்.

முதல் மூன்று வாரம் பேனாவைத் தொடாமல் நூலை முழுக்க வாசிக்க வேண்டும். கதை முன்பே தெரியுமே என்று சொல்லலாகாது. கதைக்காக வாசிப்பது வேறு, முறைக்காக வாசிப்பது வேறு. எட்டாம் அத்தியாயத்தில் பென்னட் குடும்பத்துப் பெண்களின் இரண்டு 'அங்கிள்'களைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு வருகிறது. ஒருவர் மெரிடன் ஊர் வக்கீல். மற்றவர் லண்டனில் வியாபாரம் செய்பவர். ஆங்கிலத்துக்கு இருவரும் ஒன்றே. தமிழிலோ லண்டன்காரர் தாயுடன் பிறந்தவர், ஆகவே மாமா. வக்கீல் தாயின் சகோதரியை மணந்தவர், ஆகவே பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆவார். இரண்டில் எது என்று முடிவுசெய்ய அந்தச் சகோதரி மூத்தவளா, இளையவளா என்று தெரிய வேண்டும். ஆசிரியை அதைச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பவர் தாமே ஒரு முடிவு செய்து, அதைக் கடைசிவரை காப்பாற்றியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் பதினாறாம் அத்தியாயத்தில் காத்திருக்கிறது. கதாநாயகன் டார்ஸிக்குத் தன் மகளை மணம் செய்விக்க நினைக்கிறாள் காதரீன் சீமாட்டி. அவள் டார்ஸியின் தாயுடன் பிறந்தவள். அக்காள் தங்கை மக்கள் தமிழ் வழக்கில் உடன்பிறந்தார் முறை அல்லவா? 'பெரியம்மா மகள்' என்று எழுதினால் வாசகர் முகம் சுளிப்பார். 'அத்தை மகள்' என்று மாற்றினாலோ சுளிப்பு இராது; ஆனால் கதை பொய்யாகிவிடும். ஏனெனில் 56-ஆம் அத்தியாயத்தில் அந்தச் சீமாட்டியே வந்து, சகோதரிகள் இருவரும் குழந்தைகள் தொட்டிலில் கிடந்தபோதே செய்த ஏற்பாடு இது என்று வாதாடுகிறாள். 'தாயின் சகோதரி மகள்' என்று உள்ளபடியே எழுதி, அந்நாட்டு வழக்கம் வேறு என்பதை முன்னுரையில் இரண்டு வரியில் சொல்லிவிடுவதே நேர்வழி.

இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே 40 அத்தியாயங்கள் இருக்கின்றன. எழுதுகிறவருக்கு அது அரை வருஷத்துக்கு மேற்பட்ட தூரம். அன்று செய்த முடிவு இன்று ஞாபகம் இராது. ஆதலால் ஒரு குறிப்பேடு வேண்டும். உறவுமுறை, பெயர்களின் எழுத்து, யார் யாரை 'நீ' என்பார், யார் 'நீங்கள்' என்பார், அது எந்த அத்தியாயத்தில் மாறுகிறது ஆகியவற்றை அதில் பதிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தின் ஒரே 'யூ' எலிஸபெத்துக்கும் டார்ஸிக்கும் கடைசிவரை போதுமானது. தமிழில் அது போதாது.

இனி எழுதும் வேகம். ஊகித்துச் சொல்லாமல் அளந்து பார்க்க வேண்டும். சம்பாஷணையே நிறைந்த முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கம், டார்ஸியின் நீண்ட கடிதம் வரும் 35-ஆம் அத்தியாயத்தில் ஒரு பக்கம், சாதாரண வருணனையில் ஒரு பக்கம் எடுத்துக் கடிகாரத்தை வைத்து எழுதிப் பார்த்தால் சராசரி தெரிந்துவிடும். மணிக்கு 300 சொல் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு மணிக்கு 600. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 3,000 சொல், அதாவது ஒன்றரை அத்தியாயம். 61 அத்தியாயத்துக்கு 41 வாரம் ஆகிறது. ஜுரம், கலியாணம், விருந்தாளி ஆகியவற்றுக்கு ஏழு வாரம் கூட்டினால் 48 வாரம்.

பன்னிரண்டாம் வார முடிவில் நின்று எண்ண வேண்டும். 15 அத்தியாயம் முடிந்திருந்தால் கணக்குச் சரி. 11-தான் ஆகியிருந்தால், அந்த வேகத்தில் நகல் முடிய 48 அல்ல, 67 வாரம் ஆகும். அதைப் பதிப்பாளருக்கு அன்றே எழுதிவிட வேண்டும். நாற்பதாம் வாரத்தில் சொன்னால் அவர் காகிதத்தையும் அச்சகத்தையும் ஏற்பாடு செய்திருப்பார். அப்பொழுது பின்னால் இருக்கும் வேலைகளைச் சுருக்குவதைத் தவிர வேறு வழி இராது. அவற்றில் முதலில் பலியாவது ஓய்வுக்கென்று வைத்த காலந்தான். அது சோம்பலைப்போல் தோன்றுவதே காரணம்.

ஆனால் முழு அட்டவணையிலும் கைவைக்கக் கூடாத பகுதி அதுதான். நகல் முடிந்த அன்று கைப்பிரதியை வாசித்தால் தமிழ் வாக்கியத்தின் பின்னால் ஆங்கில வாக்கியம் காதில் ஒலித்துக்கொண்டேயிருக்கும். அந்த ஒலியின் பலத்தில் கோணலான தமிழும் நேராகத் தோன்றும். வாசகருக்கோ அந்த ஒலி கிடையாது; வெறுந் தமிழ் மட்டுமே அவர் கையில் இருக்கும். ஆங்கிலம் மறப்பதற்காகவே ஆறு வாரம் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். மறந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, மூலத்தைப் பாராமல் படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில், 'இதற்கு என்ன அர்த்தம்? ஆங்கிலத்தில் என்ன இருந்தது?' என்ற கேள்வி எழுந்தால் கைப்பிரதி ஆறிவிட்டது. ஒரு கேள்வியும் எழாமல் எல்லாம் வழுவழுப்பாக ஓடினால் மொழிபெயர்ப்பு சிறந்தது என்று மகிழ வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் மூடி வையுங்கள்.

ஆஸ்டென் அம்மையாரே இந்த நாவலின் முதல் வடிவத்தை 1796-97-இல் எழுதினார். பதிப்பாளர் ஒருவர் அதைப் பார்க்கவும் மறுத்துவிட்டார். வருஷங்கள் பல கழித்து எடுத்து வெட்டிச் சுருக்கிய பிறகே அது அச்சேறியது. விரும்பி எடுத்த ஓய்வு அன்று. என்றாலும் திருத்திய கை பழைய கைப்பிரதியைப் புதிதாகப் பார்த்த கை.

ஓய்வுக்குப் பின் திருத்தம். அதை இரண்டு தடவையாகச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கலாகாது. முதல் தடவை மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாக்கியத்துக்கு வாக்கியம் ஒத்துப் பார்ப்பது. நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றால் 13 வாரம். இங்கே அகப்படும் பெரிய குற்றம் விடுபாடு. அடுத்தடுத்த இரண்டு பாராக்கள் ஒரே சொல்லில் முடிந்தால் கண் ஒன்றைத் தாண்டிவிடும்; தமிழ் மட்டும் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் மூலத்தின் பாராக்களையும் தமிழின் பாராக்களையும் முதலில் எண்ணிவிட்டால் பாதித் தொல்லை தீரும். முதல் ஐந்து அத்தியாயங்களை விட்டு ஆறாவதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அந்த ஐந்தும் கை பழகாத காலத்தில் எழுதியவை. நூலின் நடை பிடிபட்ட பிறகு திரும்பி வந்தால், திருத்துவதா, புதிதாகவே எழுதுவதா என்பது தானே தெரியும்.

அதன்பின் நான்கு வாரம் வேறொருவரிடம் கொடுங்கள். ஆங்கிலம் அறியாதவரானாலும் குற்றமில்லை; தடுக்கிய இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தால் போதும். காந்தியடிகளின் சுயசரிதையை ஆங்கிலத்தில் பெயர்த்த மகாதேவ தேசாயைவிட அந்நூலை நன்கு அறிந்தவர் எவர்? வாரப் பத்திரிகைக்காக அவ்வப்போது பெயர்க்கப்பட்டு, 1927-இலும் 1929-இலும் இரண்டு பாகமாக வந்த அந்த மொழிபெயர்ப்பை 1940-ஆம் வருஷப் பதிப்புக்காக ஆங்கிலப் புலமை மிக்க நண்பர் ஒருவர் முழுவதும் திருத்திக் கொடுத்தார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. தேசாய் அந்த உதவியை முன்னுரையில் நன்றியுடன் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது திருத்தத்தில் மூலம் மேஜைமேல் இருக்கக் கூடாது. தமிழை மட்டும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டலாம். நாளைக்கு மூன்று அத்தியாயம் வீதம் ஐந்து வாரத்துக்குள் முடியும். ஐயம் வந்தால் ஓரத்தில் குறியிட்டுக்கொண்டு மாலையில் மூலத்தைப் பார்க்கலாம். உடனே பார்த்தால் ஆங்கிலம் மறுபடி காதில் ஏறிக்கொள்ளும்.

கடைசியாக அச்சுப்பிழை. முதல் புரூபுக்கு நாளைக்கு நான்கு அத்தியாயமாக மூன்று வாரம். திருத்தங்கள் ஏறினவா என்று மட்டும் பார்க்கும் இரண்டாம் புரூபுக்கு ஒரு வாரம். இங்கே நடையைத் தொடலாகாது. ஒரு வரி கூடினாலும் பக்கம் நகர்ந்து புதுப் பிழைகள் பிறக்கும். கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போகாது. றகர ரகரமும், விட்டுப்போன ஒற்றும் கண்ணில் படும். பெயர்களுக்கென்று தனியே ஒரு முறை, குறிப்பேட்டை வைத்துக்கொண்டு புரட்ட வேண்டும்.

இப்பொழுது கூட்டுவோம். வாசிப்பு 3, நகல் 48, ஓய்வு 6, ஒத்துப் பார்த்தல் 13, பிறர் கண் 4, வாய்விட்டுப் படித்தல் 5, புரூப் 4. ஆக 83 வாரம். அச்சகம் எடுத்துக்கொள்ளும் நாட்கள் இதில் சேரவில்லை. நகல் மட்டும் ஒரு வருஷத்தில் முடியும் என்பது உண்மை. அந்த வருஷத்தைப் புத்தகத்தின் தேதி என்று எண்ணிப் பதிப்பாளருக்கு வாக்குக் கொடுத்தால், மிச்சமுள்ள 35 வாரத்தின் வேலையை வாசகர் தலையில் சுமத்துகிறோம். அவர் அதைச் செய்யமாட்டார். இருபதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.