கிரைய ஒப்பந்த நோட்டீஸ்: 'தயார்' என்ற சொல்லுக்குப் பின்னால் பணம் இருக்க வேண்டும்

கிரைய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தவர், விற்பவர் பின்வாங்கும்போது ஏற்றதை ஆற்றக் கோரி வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். 'என் கட்சிக்காரர் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார்' என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். அந்த வரி மட்டும் போதாது, மீதித்தொகைக்கான ஆதாரமும் தேதிகளும் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், 16(சி) பிரிவில், வாங்குபவர் தன் தயார்நிலையையும் விருப்பத்தையும் நிரூபிக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றங்கள் இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்கின்றன: தயார்நிலை என்பது பணம் புரட்டும் திறன், விருப்பம் நடத்தையில் தெரிவது.

நடத்தை எவ்வளவு பெரிதாகப் பார்க்கப்படும் என்பதை மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வித்யாநாதம் எதிர் வைரவன் வழக்கு காட்டுகிறது. 1978 டிசம்பரில் ஒப்பந்தம். விலை 60,000 ரூபாய், முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவரின் நோட்டீஸோ 1981 ஜூலையில்தான் போனது. கால வரையறைச் சட்டப்படி மூன்றாண்டுக்குள் வழக்கு வந்துவிட்டது. ஆனாலும் இரண்டரை ஆண்டு அவர் சும்மா இருந்ததையும் அதற்குள் விலை ஏறியதையும் கணக்கில் எடுத்த உச்ச நீதிமன்றம், 1997இல் கிரையத்தை மறுத்தது. கெடு முடியும் முன்பே, தாமதித்தால் முடிந்த சில வாரங்களுக்குள்ளாவது, நோட்டீஸ் போக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

விலை 40 லட்சம், முன்பணம் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 32 லட்சத்தில் 12 லட்சம் சேமிப்புக் கணக்கிலும் 20 லட்சம் வங்கி அனுமதித்த வீட்டுக் கடனாகவும் இருந்தால், அதை அப்படியே எழுத வேண்டும். கணக்கு அறிக்கை ஒப்பந்தக் காலத்தையும் காட்ட வேண்டும். வழக்குக்கு முந்திய வாரம் திடீரென வந்த பணம் குறுக்கு விசாரணையில் நிற்காது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருப்போம் என்பதையும் சொல்லி, அன்று போய்வந்ததற்குச் சான்று வைத்திருக்க வேண்டும்.

பணத்தை நீட்டவோ நீதிமன்றத்தில் கட்டவோ தேவையில்லை என்று 16(சி) பிரிவின் விளக்கமே சொல்கிறதே என்பார்கள். நீதிமன்றம் உத்தரவிட்டாலொழிய கட்ட வேண்டாம் என்பது உண்மை. கட்டுவதற்குத்தான் விலக்கு, திறனை நிரூபிப்பதற்கு இல்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றத்துக்கு விருப்புரிமை இல்லை என்ற வாதமும் பாதிதான் சரி. திருத்தம் 16(சி) பிரிவிலிருந்து 'வழக்குரையில் சொல்லி' என்ற பகுதியை மட்டும் எடுத்தது. 'நிரூபிக்க' என்பதை விட்டுவைத்தது. கணக்கு விவரம் எதிர்த்தரப்புக்குப் போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தொகையையும் வங்கியையும் சொன்னால் போதும். கணக்கு எண்ணும் நகல்களும் நீதிமன்றத்துக்குப் போகட்டும்.