பக்கக் கணக்குக்குப் புள்ளி போடுவதை நிறுத்துவோம்



நிர்வாக சேவை, கல்வி நிர்வாக சேவை, அதிபர் சேவை என்று போட்டிப் பரீட்சைகளுக்குப் படிக்கிற நம்மட வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பலர் சனி, ஞாயிறு வகுப்புகளுக்குப் போகிறார்கள். அங்கே திருத்திக் கொடுத்த விடைத்தாள்களைச் சிலர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். ஐந்து பக்கம் எழுதியவருக்கு 15, இரண்டரைப் பக்கம் எழுதியவருக்கு 9. ஏன் என்று ஓரத்தில் ஒரு சொல்கூட இல்லை. இப்படித் திருத்தினால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: நிறைய எழுத வேண்டும்.

ஒரு வினாவை வைத்தே சொல்கிறேன். பயிற்சிக்காக நான் கொடுத்தது: "கொழும்பு நகரத் திண்மக் கழிவுப் பிரச்சினைக்கான காரணங்களை ஆராய்க. பிரதேச செயலாளர் என்ற வகையில் நீங்கள் எடுக்கக்கூடிய நடவடிக்கைகளை முன்மொழிக." 20 புள்ளி.

இதில் இரண்டு ஏவல் சொற்கள் இருக்கின்றன. ஆராய்க, முன்மொழிக. ஒரு தம்பி முதல் ஒன்றரைப் பக்கத்தில் கழிவு என்றால் என்ன, அதன் வகைகள், உலகம் வெப்பமடைதல் என்று எழுதியிருந்தார். எல்லாம் சரியான தகவல்தான், ஆனால் கேட்கப்படாதது. முன்மொழிவுக்கு வரும்போது நேரம் முடிந்து நான்கு வரி. அந்த நான்கு வரியில் முதலாவது, "தினமும் குப்பை லொறிகளை அனுப்புவேன்."

இங்கேதான் உண்மையில் புள்ளி போகிறது. கொழும்பில் குப்பை அள்ளுவது மாநகர சபையின் வேலை. பிரதேச செயலாளர் மத்திய அரசாங்கத்தின் அதிகாரி, அவரிடம் குப்பை லொறி இல்லை. அவரால் செய்யக்கூடியது வேறு: மாநகர சபையையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையையும் ஒரு மேசைக்குக் கூப்பிடலாம், கிராம உத்தியோகத்தர்கள் மூலம் எந்தத் தோட்டத்தில் பிரச்சினை என்று விபரம் எடுக்கலாம், மேட்டுக்கு அருகில் ஆபத்தில் இருக்கிற குடும்பங்களின் பட்டியலைத் தயாரிக்கலாம். பதவியின் எல்லை தெரியாமல் எழுதிய முன்மொழிவு எவ்வளவு அழகான தமிழில் இருந்தாலும் பொருத்தமில்லாததுதான். இதற்குப் பூச்சியம் போடத் திருத்துகிறவர் தயங்கக்கூடாது.

அடுத்தது உதாரணம். எல்லாரும் மீதொட்டமுல்லையைக் குறிப்பிட்டிருந்தார்கள். நல்லது. ஆனால் ஒரு சகோதரி அந்தச் சோகத்தை ஒரு பக்கம் விபரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். உதாரணம் எதை நிரூபிக்கிறது என்று ஒரு வசனம் வேண்டும். இன்னொருவர் மூன்றே வசனத்தில் முடித்திருந்தார்: கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டல் மேடு மூடப்பட்டது, குப்பை கொலன்னாவைக்கு, மீதொட்டமுல்லைக்குப் போனது; 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில் அது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; ஆகவே தரம் பிரிக்காமல் இடத்தை மட்டும் மாற்றினால் ஆபத்தும் கூடவே இடம் மாறுகிறது. அந்த "ஆகவே"க்குத்தான் நான் புள்ளி போட்டேன். 2021இல் கெரவலப்பிட்டியில் தொடங்கிய கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தையும் அவர் ஒரு வரியில் தொட்டிருந்தார். ஈரக் குப்பை சரியாக எரியாது, ஆகவே அதற்கும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று முடித்திருந்தார். எழுதியது இரண்டரைப் பக்கம்தான்.

அமைப்புக்கு நான் பெரிதாக எதுவும் பார்ப்பதில்லை. முன்னுரை நான்கு வரிக்கு மேல் போனால் சந்தேகப்படுவேன். ஒவ்வொரு பந்தியின் முதல் வசனத்தையும் மட்டும் வாசித்துப் பார்ப்பேன். அதிலேயே வாதம் விளங்கினால் அமைப்பு இருக்கிறது. காரணம் மூன்று சொன்னவர் நடவடிக்கையிலும் அந்த மூன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாரா என்பதையும் பார்ப்பேன். பலர் இதில்தான் தவறுகிறார்கள். காரணம் ஒரு பக்கம், தீர்வு இன்னொரு பக்கம்.

நேரத்தைத் திருத்துகிறவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். நான்கை நன்றாக எழுதித் தலா 13 எடுத்தால் 52. ஐந்தையும் கொஞ்சம் சுமாராக எழுதித் தலா 12 எடுத்தால் 60. ஒரு விடையில் முதல் பத்துப் புள்ளி இலகுவாக வரும், கடைசி மூன்றுக்குத்தான் பாடு. அதனால் என் வகுப்பில் ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எழுதச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் குறிப்புக்கு, 36ஆவது நிமிடத்தில் பேனை கீழே.

புள்ளியை நான்காகப் பிரித்திருக்கிறேன்: பொருத்தம் 8, உதாரணம் 5, அமைப்பு 4, நேரம் 3. இது பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டம் அல்ல, பயிற்சிக்காக நான் வைத்த கணக்கு. அந்தத் தம்பிக்குப் பொருத்தத்தில் 2 மட்டும்தான் கிடைத்தது. மற்ற மூன்றிலும் சேர்த்து 6. மொத்தம் 8 என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் அடுத்த வாரம் இன்னும் ஒரு பக்கம் கூட்டி எழுதியிருப்பார். பிரித்துக் கொடுத்ததால், அடுத்த தடவை பேனையை எடுக்க முன்னம் ஏவல் சொல்லுக்கும் "பிரதேச செயலாளர்" என்பதற்கும் கீழே கோடு போட்டிருந்தார்.

வகுப்பு நடத்துகிற சேர்மார் இதை வாசித்தால், ஒரே ஒரு கட்டு விடைத்தாளை இப்படிப் பிரித்துத் திருத்திப் பாருங்கள். ஒரு தாளுக்கு எனக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் போகிறது.