37 ஓவர், ஒரு பந்து

தோட்டத்து மைதானத்தில் ஞாயிறு மாலை லீக் சுற்று முடிந்ததும் புள்ளிப் பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். டயகமவில் இருப்பவரும் கொழும்பில் கடையில் வேலை செய்பவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கிறார்கள். ஆடிய போட்டிகள், வெற்றி, தோல்வி, புள்ளி என்ற நான்கு கட்டங்களை யாரும் சரிபார்த்துவிடலாம், விரல் விட்டு எண்ணினால் போதும். ஐந்தாவது கட்டமான நிகர ஓட்ட வேகத்தில் மட்டும் தசமப் புள்ளியுடன் ஓர் எண் நிற்கிறது. அது எப்படி வந்தது என்பதற்கான தடயம் படத்தில் எங்கும் இருக்காது. இரண்டு அணிகள் புள்ளியில் சமமானால் யார் அரையிறுதிக்குப் போவது என்பதை அந்தக் கட்டம்தான் தீர்மானிக்கிறது. அதனால் சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

இது தோட்டத்து மென்பந்துப் போட்டிகளின் குறை மட்டுமல்ல. சர்வதேச அணி ஒன்றே அந்தக் கட்டத்தை முழுமையாக அறியாமல் ஒரு தொடரை இழந்திருக்கிறது. எதிரே ஆடியது நம் நாட்டு அணி என்பதால் அந்தக் கதை நமக்கு நன்றாக ஞாபகம் இருக்க வேண்டும்.

2023 ஆசியக் கிண்ணத்தில் இலங்கை, பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றும் ஒரே பிரிவில் இருந்தன. முதலிரு இடங்களுக்குத்தான் அடுத்த சுற்று. ஆகஸ்ட் 31ஆம் திகதி பல்லேகலவில் பங்களாதேஷ் 164 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இலங்கை 39 ஓவர்களில் 165 எடுத்து வென்றது. செப்டெம்பர் 3ஆம் திகதி லாகூரில் பங்களாதேஷ் 334 ஓட்டங்களைக் குவித்தது, ஆப்கானிஸ்தான் 245 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி இலங்கையும் ஆப்கானிஸ்தானும் மோதின. அதில் ஆப்கானிஸ்தான் வென்றால் மூன்று அணிகளுக்கும் தலா இரண்டு புள்ளி.

‘நேருக்கு நேர் ஆடியதில் யார் வென்றது என்று பார்த்தால் போதாதா?’ என்று நம் ஊரில் உடனே கேட்பார்கள். இரண்டு அணிகள் சமமாக நின்றால் அது போதும். இங்கே இலங்கை பங்களாதேஷை வென்றது, பங்களாதேஷ் ஆப்கானிஸ்தானை வென்றது, ஆப்கானிஸ்தான் இலங்கையை வென்றால் வட்டம் மூடிவிடுகிறது. யாரை மேலே வைத்தாலும் அவரை வென்ற ஒருவர் கீழே நிற்பார். வெற்றிகளின் எண்ணிக்கையும் தலா ஒன்றுதான். வேறு வழியில்லாத இடத்தில்தான் நிகர ஓட்ட வேகம் வருகிறது.

கணக்கு இதுதான்: தொடர் முழுவதும் நாம் எடுத்த மொத்த ஓட்டங்களை நாம் ஆடிய மொத்த ஓவர்களால் வகுக்க வேண்டும். அதிலிருந்து, எதிரணிகள் நமக்கு எதிராக எடுத்த மொத்த ஓட்டங்களை அவர்கள் ஆடிய மொத்த ஓவர்களால் வகுத்து வரும் எண்ணைக் கழிக்க வேண்டும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அணி சகல விக்கெட்டுகளையும் இழந்துவிட்டால் அது எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் முழு ஓவர்களும் ஆடியதாகவே கொள்ளப்படும்.

அந்த நிபந்தனையின் கனத்தை முதல் போட்டியிலேயே பார்க்கலாம். பங்களாதேஷ் உண்மையில் ஆடியது 42 ஓவர் 4 பந்து. ஆனால் கணக்கில் 50. அதனால் அவர்களுடைய வேகம் ஓவருக்கு 3.28 ஆகக் குறைந்தது. இலங்கையின் வேகம் 165ஐ 39ஆல் வகுத்தால் 4.231. வித்தியாசம் +0.951. ஆடிய ஓவர்களை அப்படியே எடுத்திருந்தால் அது 0.4ஐக்கூடத் தொட்டிருக்காது. நிபந்தனை கடுமையாகத் தெரியலாம், ஆனால் நியாயமானது. பத்து விக்கெட்டையும் சீக்கிரம் இழந்த அணி, மீதி ஓவர்களை ஆடவில்லை என்பதற்காகவே லாபம் அடையக் கூடாதல்லவா.

அடுத்து நம் கணக்குப் பிள்ளைகள் அதிகம் தவறுகிற இடம். பங்களாதேஷின் முதல் போட்டி −0.951, இரண்டாவது போட்டி +1.780. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.415 வருகிறது. இது பிழை. ஓட்டங்களைத் தனியாகவும் ஓவர்களைத் தனியாகவும் கூட்ட வேண்டும்: எடுத்தது 100 ஓவர்களில் 498, கொடுத்தது 89 ஓவர்களில் 410. அதாவது 4.980இலிருந்து 4.607 போக +0.373. பட்டியலில் இருந்ததும் அதுதான். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். இலங்கையும் ஆப்கானிஸ்தானும் அன்றிரவு எவ்வளவு நெருங்கி நின்றன என்பதைப் பார்த்தால் அது சின்னதல்ல என்று புரியும்.

அன்று இலங்கை குசல் மெண்டிஸின் 92 ஓட்டங்களுடன் 8 விக்கெட்டுக்கு 291 எடுத்தது. இலக்கு 292. அதை 37 ஓவர் 1 பந்துக்குள் எட்டினால் ஆப்கானிஸ்தான் இலங்கையைத் தாண்டிவிடும். சரிபார்த்துவிடுவோம். ஆப்கானிஸ்தான் இரண்டு போட்டிகளிலும் எடுத்தது 537 ஆகிவிடும், ஆடியது 87 ஓவர் 1 பந்து. ஓவருக்கு 6.161. கொடுத்தது 100 ஓவர்களில் 625, ஓவருக்கு 6.250. நிகரம் −0.089. இலங்கையின் நிகரம் அப்போது −0.108. ஆப்கானிஸ்தான் உள்ளே, இலங்கை வெளியே. அதே 292ஐ ஒரே ஒரு பந்து தாமதமாக, 37 ஓவர் 2 பந்தில் எட்டினால் முறையே −0.101, −0.098. இலங்கை உள்ளே. ஒரு பந்தின் விலை அவ்வளவு.

முகமது நபி 32 பந்துகளில் 65 அடித்தார். 37ஆவது ஓவரில் வெல்லாலகேயின் பந்துவீச்சில் ரஷீத் கான் பவுண்டரிகளாக விளாசினார். ஓவர் முடிந்தபோது 8 விக்கெட்டுக்கு 289. ஒரு பந்தில் மூன்று ஓட்டம் வேண்டும். தனஞ்சய டி சில்வாவின் முதல் பந்தைத் தூக்கி அடித்த முஜீப் பிடிகொடுத்து வெளியேறினார். கதை முடிந்தது என்று மறுமுனையில் ரஷீத் சோர்ந்து நின்றது திரையில் தெரிந்தது. அடுத்து வந்த பாரூக்கி இரண்டு பந்துகளைத் தடுத்தாடினார், மூன்றாவதில் எல்பிடபிள்யூ. 289க்கு ஆட்டமிழப்பு. இரண்டு ஓட்டங்களால் இலங்கை வென்றது.

ஆனால் முஜீப் ஆட்டமிழந்தபோது கதை முடிந்திருக்கவில்லை. வெற்றிக்கு 292 போதும் என்பது உண்மை. அந்த வெற்றி பவுண்டரியாகவோ சிக்ஸராகவோ வந்தால் அந்த ஓட்டங்கள் முழுவதும் கணக்கில் சேரும். 289இல் நிற்கும்போது ஒரு சிக்ஸர் விழுந்தால் மொத்தம் 295. 37 ஓவர் 4 பந்தில் 295 என்று வைத்துக் கணக்கிட்டால் ஆப்கானிஸ்தான் −0.090, இலங்கை −0.112. அதாவது பாரூக்கி தடுத்தாடிய இரண்டு பந்துகளிலும், ஆட்டமிழந்த பந்திலும்கூட, ஒரு சிக்ஸர் அவர்களை அடுத்த சுற்றுக்கு அனுப்பியிருக்கும். முதல் பந்தில் ஒற்றை ஓட்டம் ஓடி ரஷீதிடம் துடுப்பை ஒப்படைத்திருந்தால், அடுத்த பந்தில் ஒரு பவுண்டரியே போதும். 37 ஓவர் 3 பந்தில் 294. அதுவும் தேறும். தங்களுக்கு 37 ஓவர் 1 பந்து என்று மட்டுமே சொல்லப்பட்டது, மற்றக் கணக்குகள் தெரிவிக்கப்படவில்லை என்று பயிற்றுவிப்பாளர் ஜொனதன் ட்ரொட் போட்டிக்குப் பிறகு சொன்னார். தொழில்முறை ஆய்வாளர்கள் உட்கார்ந்திருக்கிற அணிக்கே இது நடந்தது என்றால் என் அனுதாபம் பாதிதான். காகிதமும் பேனையும் அவர்களிடமும் இருந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, 37 ஓவர் 1 பந்து என்பது தவறான விடையல்ல. அது பல விடைகளில் ஒன்று. பட்டியலில் இறுதி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு மற்ற விடைகள் தென்படாது. எடுத்த ஓட்டம், ஆடிய ஓவர், கொடுத்த ஓட்டம், வீசிய ஓவர் என்ற நான்கு மொத்தங்கள் கையில் இருந்தால்தான் அவை தென்படும். தோட்டத்துப் பட்டியல்களிலும் நான் கேட்பது இந்த நான்கு கட்டங்களைத்தான். நிகரத்தை எழுதாமல் விட்டாலும் பரவாயில்லை, படத்தைப் பார்ப்பவர் கைபேசியிலேயே போட்டுப் பார்த்துக்கொள்வார்.

போட்டுப் பார்க்கும்போது ஒரு கண்ணி உண்டு. 3.4 ஓவர் என்று ஸ்கோர் ஏட்டில் இருப்பது மூன்று ஓவரும் நான்கு பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் வகுக்கும்போது அது 3.667. ஆறு ஓவர் போட்டியொன்றில் 60 ஓட்டங்களை 3 ஓவர் 4 பந்தில் எட்டிய அணியின் வேகம் 16.36. கைபேசியில் அப்படியே 3.4 என்று அழுத்தினால் 17.65 காட்டும். ஆறு ஓவர் ஆட்டத்தில் இந்த ஒரு தவறே பட்டியலைத் தலைகீழாக்கப் போதும்.

முதலில் எந்த அளவுகோல் என்பதையும் போட்டி தொடங்கும் முன்பே எழுதி, அணித்தலைவர்களிடம் கையொப்பம் வாங்கிவிடுவது நல்லது. 2019 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் 11 புள்ளிகளுடன் சமமாக நின்றன, வெற்றிகளும் தலா ஐந்து. இரண்டும் மோதியபோது வென்றது பாகிஸ்தான். ஆனால் அந்தத் தொடரில் வெற்றிகளுக்கு அடுத்து பார்க்கப்பட்டது நிகர ஓட்ட வேகம். நியூசிலாந்து +0.175, பாகிஸ்தான் −0.430. நேருக்கு நேர் முடிவை முதலில் வைத்திருந்தால் அரையிறுதிக்குப் பாகிஸ்தான் போயிருக்கும், இறுதிப் போட்டியே வேறாகியிருக்கும். பாகிஸ்தானைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு அவர்களுடைய முதல் போட்டிக்கு: மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 105க்குச் சுருண்டார்கள், எதிரணி 13 ஓவர் 4 பந்தில் முடித்துவிட்டது. அந்த ஒரு நாளின் நிகரம் மட்டும் −5.8. ஐந்து வெற்றிகளும் அந்தக் குழியை நிரப்பவில்லை.

இரண்டு அணி மட்டும் சமமென்றால் நேருக்கு நேர் முடிவையே முதலில் வைக்கலாம் என்பது என் கட்சி. ஆறு ஓவர் ஆட்டங்களில் ஓட்ட வேகம் ஒரே ஓவரில் தலைகீழாகிறது, அதற்கு அவ்வளவு அதிகாரம் கொடுக்கத் தேவையில்லை. மூன்று அணி சமமென்றால் வேறு வழியில்லை.

நம் மலையில் இன்னொன்றும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கி ஆட்டம் நின்றுபோனால் என்ன? முடிவில்லாமல் போன போட்டியின் ஓட்டங்களைச் சர்வதேசப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஓவர் குறைக்கப்பட்டு இலக்கு திருத்தப்பட்டால் முதலில் ஆடிய அணிக்குத் திருத்திய இலக்கில் ஒன்று குறைவான ஓட்டங்களே வரவு வைக்கப்படும், அதுவும் இரண்டாவது அணிக்கு ஒதுக்கிய ஓவர்களில் எடுத்ததாக. ஆறு ஓவர் நான்காகக் குறைந்து இலக்கு 41 என்றானால், முதல் அணி அறுபது அடித்திருந்தாலும் ஏட்டில் ஏறுவது நான்கு ஓவரில் 40தான்.