வழி தவறிவிட்டோம் என்று தெரிந்தவுடன்

சதுரகிரி யாத்திரைக்குப் புறப்படவிருக்கும் ஒரு தம்பதியர், மலைப்பாதையில் வழி தவறினால் என்ன செய்வது என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டனர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பங்குனிப் பௌர்ணமியன்று எனக்கும் என் மைத்துனருக்கும் அந்த மலையிலேயே நேர்ந்ததைச் சொன்னால் அதுவே பதிலாக அமையும்.

சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் தரிசித்துவிட்டுத் தாணிப்பாறை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். இரட்டை லிங்கத்தைக் கடந்தபோது மணி மூன்றரை. பின்னர் மேலேறி வந்த ஒரு முதியவருக்கு ஒதுங்கி வழிவிட்டபோது மூன்று ஐம்பது. அதன்பின் பேசிக்கொண்டே நடந்தோம். நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு கிளை என் முகத்தில் அடித்தது. அப்போதுதான் நின்று சுற்றிலும் பார்த்தேன்.

மனிதர் நடக்கும் பாதையில் தலையுயரக் கிளைகள் ஒடிந்திருக்கும். கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். மிட்டாய்த் தாளாவது தண்ணீர்ப் புட்டியாவது எங்கேனும் கிடக்கும். நாங்கள் நின்ற தடத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. கிளைகள் இடுப்புயரத்துக்கு மேல் மூடிக்கிடந்தன. அது விலங்குகளின் தடம். பேச்சுக்குரல்கள் கேட்காமல் போய் வெகுநேரம் ஆகியிருந்ததையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

மைத்துனர், "அத்தான், இறக்கம்தானே, இப்படியே போனால் கீழே சேர்ந்துவிடலாம்" என்றார். வழி தவறிய எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் இதுவே. கெடுதலும் இதிலேதான் தொடங்குகிறது. சரியான பாதையிலிருந்து அப்போது நாங்கள் இருபது நிமிடத் தொலைவில் இருந்தோம். மேலும் ஒரு மணி நேரம் நடந்திருந்தால், எங்களைத் தேடுவோருக்கும் எங்களுக்கும் இடையிலான தொலைவுதான் பெருகியிருக்கும்.

வங்கியில் நான் கற்ற பாடம் ஒன்று அந்நேரம் கைகொடுத்தது. மாலையில் கணக்கு நேராகாவிட்டால் புதிய பதிவு எதையும் போடமாட்டோம். கடைசியாகக் கணக்கு நேரான இடம் எதுவென்று பார்த்து, அங்கிருந்து பிழையைத் தேடுவோம். ஆகவே, "மாப்பிள்ளை, முதலில் உட்காருங்கள்" என்றேன்.

உட்கார்ந்தபின்தான் அவர் கை நடுங்குவதும் நெற்றி வியர்த்திருப்பதும் கண்ணில் பட்டன. அவர் சர்க்கரை நோயாளி, மாத்திரை உண்டவர், மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் நடுக்கத்தோடு தடுமாற்றமும் வரும், பிடிவாதமும் வரும். அதைப் பயம் என்று எண்ணி ஏமாறுவதுண்டு. பையிலிருந்த பிரசாதக் கற்கண்டை ஒரு கைப்பிடி மென்று விழுங்கச் செய்து, தண்ணீர் கொடுத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். நடுக்கம் நின்றது. முதியோர் வழி தவறினால், உடம்பு நிலைக்கு வந்த பிறகே எந்த முடிவையும் எடுக்க வேண்டும்.

அடுத்து அவர் காட்டியது, கீழே தெரிந்த வறண்ட ஓடையை. ஓடையைப் பின்பற்றினால் ஊர் வரும் என்று பலரும் நம்புகின்றனர். சமவெளிக்கு அது பொருந்தலாம். மலையில் ஓடை மிகச் செங்குத்தான வழியில்தான் இறங்கும். சிறிது தூரத்தில் ஆளுயரப் பாறை வரும். வழுக்கி இறங்கிவிடலாம், திரும்ப ஏற முடியாது. அதன் கீழே அதைவிட உயரமான பாறை வந்தால், இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வோம். மேலே எங்கோ கோடை மழை பெய்தால், வறண்ட ஓடையில் சொல்லாமல் வெள்ளம் வரும். நீருள்ள ஓடையானால் அதன் இரைச்சலில் நம்மைத் தேடுவோரின் குரலும் கேட்காது. அந்தி நேரத்தில் விலங்குகள் நாடி வரும் இடமும் அதுவே.

"பௌர்ணமிதானே, நிலவு வரும்" என்றார் அடுத்தபடியாக. மரநிழலின் கீழ் நிலவொளி தரையை எட்டாது. மேலும், தாணிப்பாறைப் பக்கம் மலையின் கிழக்குச் சரிவு. மேற்கே மலைமுகடு மறைப்பதால், ஊரில் வெயில் இருக்கும்போதே இங்கே மங்கத் தொடங்கிவிடும்.

எனவே கணக்குப் போட்டேன். ஐயமின்றிப் பாதையில் இருந்த கடைசி இடம், முதியவருக்கு வழிவிட்ட இடம். அங்கிருந்து இறங்கியது இருபது நிமிடம். ஏற்றத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் போதும். நாலு இருபத்தைந்துக்குக் கிளம்பினால் ஐந்து மணி எல்லை. அதற்குள் பாதை தென்படாவிட்டால் தேடுவதை நிறுத்தி, வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். இத்தகைய எல்லையை உட்கார்ந்திருக்கும்போதே வகுக்க வேண்டும். நடக்கத் தொடங்கிவிட்டால், "இன்னும் கொஞ்சம்" என்றே மனம் சொல்லும்.

உட்கார்ந்த இடத்தில் மூன்று கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். தடம் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் அவ்வாறே செய்தோம். முயற்சி பலிக்காவிட்டால் திரும்பி வர அடையாளம் வேண்டுமல்லவா? இருவரும் ஒருவரையொருவர் பிரியவில்லை. நாலு ஐம்பதுக்கு ஒரு பெரிய பாறையருகே தேய்ந்த கற்கள் தென்பட்டன. உண்மைப் பாதை அப்பாறையைச் சுற்றி வலப்புறம் திரும்புகிறது. விலங்குத் தடமோ நேரே இறங்குகிறது. பேச்சு சுவாரசியத்தில் கால்கள் நேரே போய்விட்டன. மேலிருந்து வருவோருக்குத்தான் இந்த மயக்கம். ஏறும்போது கிளைத்தடங்கள் வந்து சேர்வதைக் கவனியோம். இறங்கும்போது அவையே இரண்டு வழிகளாக எதிரே நிற்கும்.

இருட்டும் வேளையில் தாணிப்பாறையை அடைந்தோம்.

பாதை கிடைக்காமல் ஐந்து மணி ஆகியிருந்தால், விலங்குத் தடத்தை விட்டு விலகி, முதுகுக்குப் பாறையுள்ள சற்றே திறந்த இடத்தில் அமர்ந்திருப்போம். வெள்ளை வேட்டியைத் தொலைவிலிருந்து தெரியும்படி புதரின்மேல் விரித்திருப்போம். இருக்கும் துணியையெல்லாம் உடுத்து, தரைக்குளிர் ஏறாதிருக்கப் பையின்மேல் உட்கார்ந்திருப்போம். காய்ந்த காட்டில் தீ மூட்டுவது கூடாது. அது நம்மையே சூழ்ந்துவிடும். விசில் இருந்தால் மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் அமைதியாகக் காது கொடுத்துக் கேட்டு, மீண்டும் மூன்று முறை ஊத வேண்டும். கத்தினால் தொண்டை விரைவில் கட்டிவிடும். விசிலுக்கு அந்தக் குறை இல்லை. கைபேசியில் 112 என்ற எண்ணை முயல வேண்டும். நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் வழியே அந்த அழைப்பு செல்லக்கூடும். பேச இயலாத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேர்வதுண்டு. இடையே கைபேசியை அணைத்து வைத்தால் மின்சாரம் மிஞ்சும்.

இவ்வளவும் பயன்படுவது, நம்மைத் தேடி ஒருவர் வந்தால்தான். அன்று நாங்கள் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. இராத்திரி முழுவதும் அமர்ந்திருந்தாலும், மறுநாள் காலை வரை எங்களை எவரும் தேடியிருக்கமாட்டார்கள். அந்தத் தம்பதியரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்: எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குவீர்கள், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் வனத்துறைக்கும் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மருமகளிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.